மச்சினன் இழுத்த நாற்காலி

பழிவாங்குவதில் எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது. கிடங்கு அலுவலகத்தில் என் காப்பித்தூளைத் தினமும் திருடிக்கொண்டிருந்த ஒருவருக்காக அதில் உப்பைக் கலந்து வைத்ததுதான் என் அதிகபட்ச சாதனை. அன்று அவர் லீவு. மறந்துபோய் நானே கலக்கிக் குடித்தேன். அப்படிப்பட்ட ஆள் ஒருவனைப் பழிவாங்க வேண்டும் என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பல் கடித்தால் எப்படி இருக்கும்? பல் கடித்தால் காது வலித்தது. அதனால் மெதுவாகக் கடித்தேன்.

நான் வாரநாளில் கிடங்குக்காரன், வார இறுதியில் மைக்காரன். கல்யாணம், நிச்சயம், பிறந்தநாள் எதுவென்றாலும் மேடையேறி நாலு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பேன். என் மனைவியின் தம்பி கல்யாணத்திலும் நான்தான் மைக் பிடித்தேன். "மாப்பிள்ளை ரிவர்ஸ் பார்க்கிங் போட்டுக்கிட்டு இருக்கார், முகூர்த்தம் முடியறதுக்குள்ள இறங்கிடுவார்" என்று சொன்னேன். அவன் ஓட்டுநர் தேர்வில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான், பற்கள் மட்டும். அதை மனதில் வைத்திருந்தான் என்பது அவன் மகளின் காதுகுத்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு சின்ன ஹால். ஞாயிற்றுக்கிழமை மதியம். குழந்தை தன் தாய்மாமன் மடியில். பத்தர் தங்கக் கம்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் பக்கத்தில் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்த கிண்ணத்தோடு நின்றார், குத்திய இடத்தில் தடவ. நான் மேடையில் மைக்கோடு நின்று குழந்தையின் கவனத்தைத் திருப்ப கோழி மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். குத்தி முடிந்தது. குழந்தை வீரிட்டது. எல்லோரும் குழந்தையின் பக்கம் திரும்பினார்கள். மைக்கை வைத்துவிட்டு மேடை ஓரத்தில் எனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரப் போனேன்.

நாற்காலி அங்கே இல்லை.

பின்னால் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் என் மாமியாரின் முகம், மிகவும் கிட்டத்தில், வாய் அசைகிறது, சத்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த இடம் எனக்குள் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கிறது. இடது காதுக்குள் யாரோ பஞ்சு மூட்டையை அடைத்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு விசில். சட்டைக் காலரில் ஈரம். தொட்டேன், ரத்தம். குழந்தையின் காதில் ஒரு பொட்டுகூட வரவில்லை. மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து எனக்கு வந்திருந்தது.

"ஐயையோ, மாப்பிள்ளைக்குக் காதுல ரத்தம்" என்றார் மாமியார். வலது காதில் கேட்டது.

"சும்மா கீறலா இருக்கும்மா" என்றான் மச்சினன். நாற்காலி இன்னும் அவன் கையில் இருந்தது.

"எண்ணெய் விட்டா உள்ள இருக்கிறதெல்லாம் வந்துரும். இங்க பாரு, கிண்ணம் கையிலயே இருக்கு" என்றார் மாமியார்.

அவருக்கு அது தெய்வச் செயலாகத் தோன்றியிருக்க வேண்டும். குழந்தைக்குக் கொண்டுவந்த எண்ணெய் என் காதுக்குள் போனது. மேலே பஞ்சும் போனது. நான் தடுக்கவில்லை. மாமியாரைத் தடுத்துப் பழக்கமில்லாதவன்.

என் மனைவி சாப்பாட்டு வரிசையிலிருந்து ஓடி வந்தாள். "என்னடா ஆச்சு? மயக்கம் போட்டாரா?"

"இல்லக்கா. விழுந்தாரு, எழுந்தாரு. அத்தான் எப்பவும் நடிக்கிறதுதானே."

"என்னங்க, நல்லா இருக்கீங்களா?"

அப்போது நான் சொன்னது இது: "மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் பாதி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கழிவறையில் வாந்தி எடுத்தேன். மச்சினன் வாசலில் நின்று பார்த்தான். "பிரியாணி ஜாஸ்தி" என்று வெளியே போய்ச் சொன்னான். நான் அப்போது இன்னும் பிரியாணியையே பார்க்கவில்லை.

மறுநாள் காலை பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டில் எழுந்தபோது தலையணை உறையில் ஒரு கறை. நடுவில் ரத்தம், அதைச் சுற்றி வெளிறிய வட்டம், ஈரம் காய்ந்த மாதிரி. "எண்ணெய் வடிஞ்சிருக்கு, அம்மா சொன்ன மாதிரியே" என்றேன். மனைவி உறையைத் தடவிப் பார்த்தாள், விரலைத் தேய்த்தாள்.

"இது எண்ணெய் இல்லங்க. பிசுக்கே இல்ல."

பல் துலக்கக் குனிந்தேன். பஞ்சையும் தாண்டிக் காதிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டியது. குழாயை மூடினேன், அப்புறமும் சொட்டியது. மனைவி என் காதுமடலை முன்னால் வளைத்துப் பார்த்தாள். பின்னால் எலும்பு மேட்டின் மேல் கன்றிப்போன நீலம். அங்கே எனக்கு அடி பட்டதாகவே ஞாபகமில்லை.

"மைக் டெஸ்டிங் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. நானும் சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் முதலில் என் கழுத்தைத்தான் பிடித்தார்கள். அசைக்க வேண்டாம் என்று பட்டை மாட்டினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாதி ஒருவர் கேள்விகளைத் தமிழில் கேட்டார்.

"விழுந்ததும் மயக்கமாயிட்டீங்களாண்ணே?"

"இல்லையாம்."

"'ஆம்'னா என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா?"

"என் மச்சினன் சொன்னான்."

"அவர் பக்கத்துல இருந்தாரா?"

"ரொம்பப் பக்கத்துல."

மனைவி அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஆங் மோ கியோவில் உள்ள வீட்டிலிருந்து அவன் குரல் வந்தது. "இல்லக்கா, அதான் சொன்னேனே, மயக்கமெல்லாம் இல்ல. கால் தடுக்கி விழுந்தாரு." நாற்காலியே அந்தக் கதையிலிருந்து காணாமல் போயிருந்தது. பிறகு போனில் இழுபறிச் சத்தம், அவன் மனைவியின் குரல்.

"ஏங்க பொய் சொல்றீங்க? அண்ணி, இவருதான் சேரை இழுத்தாரு. அண்ணன் தலை மேடைப்படில பட்டுச்சு, டொக்குனு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கண்ணையே திறக்கல. கை கால் துவண்டு கிடந்தாரு. நான் ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்னு சொன்னேன். 'நடிக்கிறாரு, விடு, ஃபங்ஷன் கெட்டுப் போயிரும்'னு இவருதான் சொன்னாரு. அப்புறம் வாந்தி எடுத்தாருல்ல, அதையும் சொல்லிட்டாரா?"

தாதி எழுதிக்கொண்டே வேகமாக நடந்தார். அதற்குப் பிறகு எல்லாமே வேகமானது. என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார்கள்.

கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலி இழுத்ததை மன்னிக்கலாம். மச்சினன் செய்கிற சேட்டை, அதற்கு முகம் சுளித்தால் நான்தான் சின்னவன். ஆனால் நான் துவண்டு கிடந்தபோது ஒருவன் என்னை எட்டிப் பார்த்து, 'நடிக்கிறான்' என்று சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். அன்றிலிருந்து அவன் சட்டையின் நிறம்கூட எனக்குக் கோபம் மூட்டும்.

ஸ்கேன் முடிவோடு காது மருத்துவர் வந்தார். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். காதைத் தாங்கி நிற்கும் மண்டையெலும்பில் விரிசல். செவிப்பறை கிழிந்திருக்கிறது, அதன் பின்னால் ரத்தம் தேங்கியிருக்கிறது. சொட்டுகிற தண்ணீர், மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். பிறகு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"உள்ளே என்ன இது, மஞ்சளாக?"

மனைவி தரையைப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவர் முகத்தில் கோபமில்லை, அலுப்புதான்.

"உள்ளே எதையும் விடக்கூடாது, அடைக்கவும் கூடாது. வெளியே சுத்தமான துணியை லேசாக வைத்தால் போதும். அங்கே இப்போது திறந்த வழி இருக்கிறது, கிருமி அதன் வழியாக மூளை உறைவரை போகலாம். தலையில் அடிபட்டுக் காதில் ரத்தம் வந்தாலே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். காது கேட்காமல் போனாலும், மயங்கினாலும், வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். ஏதாவது ஒன்றே போதும். உங்களுக்கு எல்லாம் இருந்தது. நேற்றே வந்திருக்க வேண்டும்."

"எனக்குக் காது கேட்குமா டாக்டர்?"

நான் கேட்டதில் எனக்கே அதிர்ச்சி. அதுவரை வேடிக்கைதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கேட்காத மைக்காரனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கேலி வருகிறது, எங்கே சிரிப்பு எழுகிறது என்று தெரியாது. சிரிப்பு எழுகிற இடம் தெரியாதவன் மேடையில் உளறுகிறவன்.

அவர் பையிலிருந்து இரட்டைக் கம்பியுள்ள இசைக்கவை ஒன்றை எடுத்தார். முழங்கையில் தட்டி அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தக் காதில் சத்தமாகக் கேட்கிறது?"

நான் குழம்பினேன். "செவிட்டுக் காதில்."

முதன்முறையாக அவர் புன்னகைத்தார். அது நல்ல செய்தியாம். சத்தத்தைக் கொண்டுபோகும் வழிதான் ரத்தத்தாலும் கிழிசலாலும் அடைபட்டிருக்கிறது, உள்ளே இருக்கிற நரம்பு வேலை செய்கிறது. நரம்பு செத்திருந்தால் நல்ல காதில்தான் கேட்டிருக்கும். பெரும்பாலும் திரும்பும், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார். தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், மூக்கு சிந்தக் கூடாது, மலச்சிக்கலோடு முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, எழுப்பினால் எழ முடியாத தூக்கம், மறுபடி வாந்தி, எது வந்தாலும் சொல்ல வேண்டும்.

"இன்னொன்று. முகத்தை அசைக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. வீங்கினால் சில நாள் கழித்தும் முகம் ஒரு பக்கம் கோணலாகலாம். அடிக்கடி யாராவது உங்களைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்."

யாராவது. எனக்கு உடனே ஒரு ஆள் நினைவுக்கு வந்தான்.

வார்டில் படுத்திருந்த நாட்களில் காது நீர் தானாகவே நின்றது. மச்சினன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான், மன்னிப்பு என்ற சொல்லை நான்கு திசையிலிருந்தும் சுற்றி வந்தான், தொடவில்லை. "அத்தான், ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லுங்க லா" என்று முடித்தான்.

"வேணும் மாப்ளே" என்றேன்.

அவன் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவன். என் மனைவி வேலைக்குப் போக வேண்டும். ஆகவே நான் வீடு திரும்பியதும் பகலில் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுக்கு. மனைவிக்குக் கண் கலங்கியது, தம்பி திருந்திவிட்டான் என்று. என் உள்நோக்கம் அவளுக்குத் தெரியாது.

தினமும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆங் மோ கியோவிலிருந்து ரயிலேறி வந்தான். நான் மெத்தைகள் அடுக்கிய சாய்வு நாற்காலியில் சுல்தான் மாதிரி கிடந்தேன். அவன் ஏதோ மீட்டிங்கில் வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவேன்.

"மாப்ளே, சிரிப்பு பாரு."

அவன் மைக்கை மியூட் செய்துவிட்டு வந்து குனிந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பேன். கண்ணை இறுக்க மூடுவேன். புருவத்தைத் தூக்குவேன். "சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அத்தான்."

"நல்லாப் பாரு. அன்னைக்கும் சரியா இருக்குன்னுதான் சொன்ன."

அவன் போய் உட்காருவான். மீட்டிங் சூடுபிடித்ததும் மறுபடி, "மாப்ளே, சிரிப்பு."

அது போதவில்லை எனக்கு. ஒருநாள் வாயை வேண்டுமென்றே ஒரு பக்கம் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மட்டும் மூடினேன். அவன் கையிலிருந்த மைலோ பானம் என் மனைவியின் புது விரிப்பில் கொட்டியது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. வாயை நேராக்கி, "நடிச்சேன்" என்றேன். அந்தச் சொல்லை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் குனிந்து விரிப்பைத் துடைத்தான். விரிப்புக்காக மனைவியிடம் திட்டு வாங்கியது நான்.

மறுநாளும் செய்தேன். அதற்கடுத்த நாள் சோற்றுக் கவளத்தோடு செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் பயந்தான். அவன் பயத்தில் சலிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் பெருமை.

பிறகு ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"அத்தான், காப்பி வழியுது."

இடது கடைவாயோரம் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"கண்ணை மூடுங்க."

மூடினேன். இருட்டாகவில்லை, ஒரு கண் மட்டும் திறந்தே கிடந்தது. அந்தக் கண்ணில் ஜன்னலும் அவனும் அப்படியே தெரிந்தார்கள்.

"புருவத்தைத் தூக்குங்க."

ஒன்றுதான் ஏறியது. 'மாப்ளே' என்று கூப்பிட வாயெடுத்தேன், அந்த 'ப்' உதட்டில் நிற்காமல் காற்றாகப் போனது. இத்தனை நாள் விளையாடிய விளையாட்டுக்கு இவன் சிரித்துவிட்டு மீட்டிங்குக்குப் போவான், போக உரிமை இருக்கிறது, நான்தான் கொடுத்தேன்.

"இது… நிஜம்" என்றேன், எப்படியோ.

அவன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான். ஆம்புலன்ஸ்காரரிடம் எலும்பு விரிசல், எந்தக் காது, எப்போது விழுந்தது, என் மருந்துகள் எல்லாவற்றையும் ஒப்பித்தான். நான் கையாட்டி ஏதோ சொல்ல முயன்றேன்.

"நடிச்சா நடிங்க அத்தான். எனக்குப் பரவாயில்ல. இனிமே நீங்க எத்தனை தடவை நடிச்சாலும் நான் கூப்பிடுவேன்."

மடிக்கணினியில் யாரோ அவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மூடக்கூட இல்லை.

நரம்பு முழுக்கச் செத்துவிடவில்லை, பிந்தி வந்த வீக்கம், சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தூங்கும்போது இமையை ஒட்டப் பட்டையும். பல வாரங்கள் என் முகத்தில் பாதி மட்டும் வேலை பார்த்தது. மைக் பிடிக்கக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று வாய் கோணிய என் முகத்தைப் பார்த்து, நானே செய்த நடிப்பு எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்று பார்த்துக்கொண்டேன். மெல்ல மெல்ல உதடு ஏறியது. இமை மூடியது. செவிப்பறையும் ஆறியது. கடைசிக் காது சோதனையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பீப் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். இடது பக்கம் ஏறக்குறைய முழுவதும் திரும்பியிருந்தது. உச்சத்தில் கீச்சென்று வருகிற சத்தங்கள் மட்டும் இல்லை, குழந்தை வீரிடுவது மாதிரி. அதை இழந்ததில் எனக்கு வருத்தம் குறைவு.

இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், அவனை மன்னித்துவிட்டாயா என்று. என் முகத்தைத் திருப்பிக் கொடுத்தவன் அவன் என்கிறாள் மனைவி. உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது. பழிவாங்கவென்றே ஒருவனை என் முகத்தைப் பார்க்கப் பழக்கி, கடைசியில் அவனுக்கே கடன்பட்டவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மாதம் அவன் வீட்டு விருந்து. வாழையிலை போட்டிருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, நான் மட்டும் நின்றேன். என் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். குனிந்து நாலு காலையும் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் செய்கிறேன். பேச்சு நின்றுவிடும். குழந்தைகள்கூட அவனையே பார்ப்பார்கள்.

மாமியார் கரண்டியோடு நின்றார். "உட்காருங்க மாப்பிள்ளை, சோறு ஆறுது."

"உங்க பையன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா உட்காருவேன் அத்தை."

அவன் எழுந்து வந்தான். என் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்காலியின் பின்கால்கள் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சிருக்கேன். உட்காருங்க அத்தான்."

"நல்லாப் பிடிச்சியா?"

"நல்லாப் பிடிச்சிருக்கேன்."

நான் உட்கார ஆரம்பித்தேன். இலையில் ரசம் ஊற்றினார்கள், அப்பளம் வைத்தார்கள். எனக்கு முட்டி வலியும் உண்டு. மெதுவாக, மிக மெதுவாக இறங்கினேன். பாதி வழியில் நின்று பக்கத்து இலைக்காரரிடம் வானிலை பற்றி விசாரித்தேன். கீழே அவன் மூச்சு வாங்குவது இடது காதில் தெளிவாகக் கேட்டது.